கொழுந்து மலை ஏறும்போது வரும் நெஞ்சுவலி

"அம்மாவுக்குப் பெருநாடி வால்வு ஒடுக்கம். இதய நாடிகளைப் படமெடுத்துப் பார்த்த அஞ்சியோவில் அடைப்பு இல்லை. கொழுந்து மலை ஏறினால் மட்டும் ஏன் நெஞ்சு வலிக்கிறது?"

அடைப்பு இல்லாமலே இதயத்தசைக்கு இரத்தம் போதாமல் போகலாம். இடது இதயவறை சுருங்கும்போது தன் தசைக்கு இரத்தம் தந்து அதற்குள் ஓடும் முடியுரு நாடிக் கிளைகளைத் தானே நசுக்குவதால், அதற்கான இரத்தம் பெரும்பாலும் தளரும் நேரத்திலேயே கிடைக்கிறது. நிமிடத்துக்கு 75 துடிப்பில் அந்நேரம் ஏறத்தாழ 0.5 செக்கன்; மலை ஏறித் துடிப்பு 150 ஆனால் 0.2 செக்கனுக்கு அருகில் இறங்கிவிடும், ஏனெனில் சுருங்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

ஒடுங்கிய வால்வினூடாக இரத்தத்தைத் தள்ளித் தள்ளித் தடித்த தசை கூடுதல் இரத்தம் கேட்கிறது. அது விறைத்திருப்பதால் தளரும்போதும் உள்ளழுத்தம் உயர்ந்தே நின்று, உட்புறத் தசைக்கு வரும் இரத்தத்தை எதிர்க்கிறது.

வலி வந்தால் அவரை உட்காரவைத்து நாடித்துடிப்பை எண்ணி, அது ஒழுங்கற்றதா என்றும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். சோதிப்பதற்காக ஏறச் சொல்லாதீர்கள். நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையை அவராகப் போடவும் வேண்டாம். இரத்த அழுத்தம் சட்டென விழலாம். மயக்கமோ ஓய்விலும் வலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.