லூப் தொடரும் இடத்தில் இடைவெளி, கூடவே ஒரு ‘டிக்’

> “120 பிபிஎம், 16 பார், சரியாக 32 நொடி. எடிட்டரில் நன்றாக ஓடுகிறது. எம்பி3 ஆக்கி கேமில் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி. வேவ் போட்டால் இடைவெளி இல்லை, ஆனால் ‘டிக்’ கேட்கிறது.”

இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். இடைவெளிக்குக் காரணம் எம்பி3. அது ஒலியை 1152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக அடுக்குகிறது. என்கோடர் முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். வேவ் அல்லது ஓக் வோர்பிஸ் பயன்படுத்துங்கள்.

‘டிக்’குக்குக் காரணம் பெரும்பாலும் ரிவர்பின் வால். 32ஆம் நொடியில் அது பாதியில் அறுபடுகிறது. தொடக்கத்திலோ வால் இல்லை. அலை அங்கே திடீரென்று குதிக்கிறது. முனைகளில் ஃபேட் கொடுத்தால் ‘டிக்’ போகும், ஆனால் இசை ஒவ்வொரு முறையும் பள்ளத்தில் விழுந்து எழும். அதனால் வேண்டாம்.

அதே 16 பாரை இரண்டு முறை அடுத்தடுத்து வைத்து ரெண்டர் செய்யுங்கள். அப்புறம் 32 முதல் 64 நொடி வரை மட்டும் வெட்டுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் அது சரியாக 14,11,200 சாம்பிள். ஒன்றுகூடப் பிசகக் கூடாது. முதல் சுற்றின் வால் இப்போது தொடக்கத்திலேயே கலந்திருக்கும்.

கோரஸ் போல தன்போக்கில் அசையும் எஃபெக்ட் இருந்தால் மட்டும் இரு முனைகளும் முழுசாகப் பொருந்தாது. அங்கே 10 மில்லிநொடி கிராஸ்ஃபேட் போதும்.