ஸ்டைனின் சோழர் நூல்: மதிப்புரையில் நியாயம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பர்ட்டன் ஸ்டைனின் சோழர் கால நூலுக்கு, ஆய்விதழ்களில் வருவதைப் போல ஆயிரம் சொல்லில் ஒரு மதிப்புரை எழுதிப் பழகச் சொன்னார் நெறியாளர். எழுதிக் கொடுத்தேன். "சுருக்கத்தில் வாதத்தையே காணோம், மறுப்பும் நியாயமாக இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார். ஸ்டைனுடைய முடிவு தவறென்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்களே, அப்புறம் என்ன நியாயம் செய்வது?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

இயல் வாரியாகச் சுருக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் முதல் மதிப்புரையையும் அப்படித்தான் எழுதினேன், ஓர் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. பொருளடக்கத்தை வாக்கியங்களாக மாற்றியிருந்தேனே தவிர, ஆசிரியர் யாரோடு மல்லுக்கு நிற்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

ஸ்டைன் 1980-ல் இந்த நூலை வெளியிட்டபோது அவர் முன் நின்றது சோழர் வரலாற்றை எழுதிய நீலகண்ட சாஸ்திரி வரைந்த சித்திரம். அதில் ஒரு பக்கம் பேரரசனும் அதிகார வர்க்கமும், இன்னொரு பக்கம் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் ஊர்ச் சபைகள். இரண்டும் ஒரே காலத்தில் எப்படி இருக்க முடியும்? நூல் பிறந்தது இந்தக் கேள்வியில். பதிலுக்கு அவர் கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றி எய்டன் சௌத்தால் எழுதிய ஆய்விலிருந்து 'கூறாக்க அரசு' என்ற கருத்தை எடுத்துக்கொண்டார். மையப் பகுதிக்கு வெளியே சோழனுக்கு இருந்தது சடங்கு சார்ந்த மேலாண்மை மட்டுமே. நிலமும் வரியும் வழக்கும் 'நாடு' என்ற வட்டாரத்துக்குள், வேளாண் தலைவர்களும் பிராமணர்களும் சேர்ந்த கூட்டின் கையில் இருந்தன என்பது அவர் வாதம். சுருக்கத்துக்கு இவ்வளவு போதும். ஸ்டைன் படித்தால் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுப்புக்கு வருவோம். ராஜராஜன் நிலத்தை அளந்தான், புரவுவரித் திணைக்களம் என்ற வரித்துறை வைத்திருந்தான், ஆகவே ஸ்டைன் தவறு என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஆனைமங்கலச் செப்பேடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஓர் ஊரைக் கொடுக்கிறார்கள். அரசன் வாய்மொழியாகச் சொன்னதை ஓலை எழுதுபவன் எழுதுகிறான், ஓலைநாயகங்கள் ஒப்புகிறார்கள், வரிப் புத்தகத்தில் பதிவாகிறது. ஒவ்வொரு படியிலும் அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. வெறும் சடங்கு மேலாண்மைக்கு எதற்கு இத்தனை எழுத்து வேலை? இந்த இடத்தில் ஸ்டைன் உண்மையிலேயே தடுமாறுகிறார்.

ஆனால் ஆனைமங்கலம் இருப்பது காவிரிப் படுகையில். மையப் பகுதியில் அரசனின் கை நேரடியாக நீண்டது என்று ஸ்டைனே சொல்லியிருக்கிறார். நாடுகளை மையம், இடைநிலை, புறம் என்று அவர் பிரித்ததும் அதற்காகத்தான். ஆகவே இந்தச் செப்பேட்டை மட்டும் காட்டி அவரை வீழ்த்திவிட்டதாக எழுதினால், அவர் சொல்லாத ஒன்றை மறுத்ததாக ஆகிவிடும். நெறியாளர் 'நியாயமாக இல்லை' என்றது இந்த மாதிரி இடத்தைத்தான் என்பது என் ஊகம்.

படுகைக்கு வெளியே போய்ப் பாருங்கள். உத்தரமேரூரில் 919-லும் 921-லும் சபை குடவோலை விதிகளை வகுத்தபோது, பராந்தகனின் ஆணைப்படி ஓர் அதிகாரி உடனிருந்தார். முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான். இது ஸ்டைனுக்கு எதிரான சான்றுதான், ஆனால் அதன் கனம் எவ்வளவு? உடனிருந்தவர் ஆணையிட்டாரா, சாட்சியாக இருந்தாரா? அதுவும் அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம், வேளாளர்களின் வெள்ளான்வகை ஊர் அல்ல. இந்தத் தயக்கத்தை மதிப்புரையில் அப்படியே எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.

இதைவிட வலுவான மறுப்பு கல்வெட்டு ஆய்வாளர்களான கராஷிமா, சுப்பராயலு இருவரிடமிருந்து வந்தது. கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் ஆயிரக்கணக்கில் தொகுத்து, எந்தப் பட்டம் எப்போது, எங்கே பெருகுகிறது என்று பார்த்தார்கள். ஒரு கல்வெட்டுக்கு எதிராக இன்னொரு கல்வெட்டை நிறுத்துவதோடு அது முடிந்துவிடவில்லை. பெரும் தொகுப்பில் பார்த்தபோது ராஜராஜன் காலத்து நிர்வாக மாற்றம் துலங்கியது. நாடுகளுக்கு மேலே அவன் உண்டாக்கிய வளநாடுகளும் அதில் சேரும்.

நூலின் பங்களிப்பையும் இதே பத்தியில் எழுதிவிடலாம். 'நாடு' என்ற அலகின் முக்கியத்தை முதலில் காட்டியவர் ஸ்டைன் என்று எழுதிவிடாதீர்கள். சோழ நாட்டின் அரசியல் நிலவியல் பற்றிய சுப்பராயலுவின் நூல் 1973-லேயே வந்துவிட்டது. ஆனால் ஊரில் அரசின் கை எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதை ஊகமாக விடாமல் சான்று காட்டி நிறுவ வேண்டிய கட்டாயத்தை ஸ்டைனின் நூல் எல்லாருக்கும் உண்டாக்கியது. அவரை மறுத்தவர்களும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடினார்கள். அவர் பதில் நிற்கவில்லை என்றும் எழுதுங்கள், கேள்வி நின்றது என்றும் எழுதுங்கள். இரண்டுக்கும் சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது.

ஆயிரம் சொல்லில் வாதத்துக்கு முந்நூறு போதும். திருத்தி எழுதியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.