பிபிஎம்என் வரைபடத்தில் டோக்கன் எங்கே மாட்டுகிறது?

கேள்வி: ஒரு வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை பிபிஎம்என் குறியீட்டில் வரைந்திருக்கிறேன். படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடவிட்டால் ஒரு டாஸ்க் இரண்டு முறை வருகிறது, சில கேஸ் நடுவிலேயே நின்றுவிடுகிறது. விட்டுப்போன கேட்வே, முட்டுச்சந்துப் பாதை இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, தொடக்க வட்டத்தில் ஒரு புளியங்கொட்டையை வையுங்கள். அதுதான் டோக்கன். அம்புக்குறி வழியே அதை நகர்த்திக்கொண்டே போங்கள். கண்ணால் படித்தால் வரைந்தவர் நினைத்ததுதான் நமக்கும் தெரியும். கொட்டையை நகர்த்தினால், வரைந்தது மட்டும்தான் தெரியும்.

நான் பார்த்த ஒரு கடன் விண்ணப்பப் படத்தையே சொல்கிறேன். 'ஆவணம் சரிபார்' என்ற டாஸ்க்கிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பின: ஒன்று மதிப்பீட்டுக்கு, மற்றொன்று 'குறை ஆவணம் கேள்' என்ற டாஸ்க்குக்கு. வரைந்தவர் மனதில் இருந்தது 'இது அல்லது அது'. ஆனால் டாஸ்க்கிலிருந்து நிபந்தனை இல்லாமல் இரண்டு அம்பு வெளியே போனால், பிபிஎம்என் விதிப்படி இரண்டிலுமே டோக்கன் போகும். ஆக, எல்லா ஆவணமும் கொடுத்தவருக்கும் 'ஆவணம் குறைகிறது' என்று கடிதம் போனது. அங்கே விட்டுப்போனது, டோக்கனை ஏதாவது ஒரு வழியில் மட்டும் அனுப்பும் எக்ஸ்குளூசிவ் கேட்வே.

இரண்டாவது, அந்த 'குறை ஆவணம் கேள்' டாஸ்க்கிலிருந்து வெளியே அம்பே இல்லை. இப்படி இருந்தால், படத்தை ஓட்டும் பல எஞ்சின்கள் பிழை என்று சொல்லாது. அதையே முடிவாக எடுத்துக்கொண்டு டோக்கனை விழுங்கிவிடும். வேறு டோக்கன் இல்லையென்றால் கேஸ் 'முடிந்தது' என்றே பதிவாகும். விண்ணப்பதாரர் ஆவணத்தோடு திரும்பி வரும்போது அதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்கும் படியை வைத்து, கூடவே ஒரு டயமரும் வைக்க வேண்டும். டயமர் இல்லாவிட்டால், பதிலே வராத கேஸ் முடிவில்லாமல் திறந்தே கிடக்கும்.

இவை இரண்டும் சுலபம். உண்மையில் ஆளைச் சுற்றவிட்டது மூன்றாவது. பேரலல் கேட்வே ஒன்று வேலையை இரண்டாகப் பிரித்தது. ஒரு கிளையில் கடன் வரலாறு பார்ப்பது. மறு கிளையில் 'வீட்டுக் கடனா?' என்று ஓர் எக்ஸ்குளூசிவ் கேட்வே: ஆம் என்றால் சொத்து மதிப்பீடு, இல்லை என்றால் நேரே அடுத்த படி. கடைசியில் இந்த மூன்று அம்புகளையும் ஒரே பேரலல் கேட்வேயில் சேர்த்திருந்தார்கள். கொட்டையை வைத்துப் பாருங்கள். பிரியும் இடத்தில் ஒன்று இரண்டாகிறது. 'ஆம்', 'இல்லை' இரண்டில் ஒரு வழியாகத்தான் கொட்டை போக முடியும். சேரும் இடத்துக்கு வருவது இரண்டு கொட்டை. ஆனால் பேரலல் சேர்ப்பு தன்னிடம் வரும் ஒவ்வொரு அம்பிலும் ஒன்று வரும்வரை நகராது. மூன்றாவது எப்போதும் வராது. எந்தக் கடனாக இருந்தாலும் கேஸ் அங்கேயே நிற்கும், பிழைச் செய்தியும் வராது. 'ஆம்', 'இல்லை' இரண்டையும் முதலில் ஓர் எக்ஸ்குளூசிவ் கேட்வேயில் சேர்த்து, அதிலிருந்து ஒரே அம்பைப் பேரலலுக்குக் கொண்டுபோனதும் சரியானது.

யாரோ அவசரத்தில் அந்தச் சேர்ப்பு கேட்வேயையே அழித்துவிட்டு அம்புகளை நேரே 'முடிவெடு' டாஸ்க்கில் விட்டதும் நடந்தது. அப்போது கேஸ் நிற்காது. ஆனால் வந்து சேரும் ஒவ்வொரு டோக்கனுக்கும் 'முடிவெடு' ஒருமுறை நடக்கும். உங்களுக்கு டாஸ்க் இரண்டு முறை வருவது பெரும்பாலும் இதனால்தான். அந்த டாஸ்க்குக்குள் எத்தனை அம்பு வருகிறது என்று எண்ணி, அவை பேரலல் பிரிவிலிருந்து வருகின்றனவா என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

படம் பெரிதென்றால் முதலில் கருவியை ஓட்டுங்கள்:

```
npm install -g bpmnlint
bpmnlint --init
bpmnlint kadan.bpmn
```

முதல் பிழையை `no-implicit-split`, இரண்டாவதை `no-implicit-end`, அழித்துவிட்ட சேர்ப்பை `fake-join` என்ற விதிகள் காட்டும். மூன்றாவதை இவை பிடிக்காது. ஏனென்றால் இந்த விதிகள் ஒவ்வொரு உருவத்தையும் அதன் அம்புகளையும் மட்டும் பார்க்கின்றன. டோக்கனை ஓட்டிப் பார்ப்பதில்லை. அதற்கு `bpmn-js-token-simulation` இருக்கிறது, திரையிலேயே டோக்கன் ஓடும். ஆனால் எந்த வழியில் போக வேண்டும் என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே 'ஆம்' ஒருமுறை, 'இல்லை' ஒருமுறை என்று ஒவ்வொரு எக்ஸ்குளூசிவ் கேட்வேயிலும் எல்லா வழியையும் ஓட்டிப் பாருங்கள். எந்த நிபந்தனையும் பொருந்தாத கேஸ் வந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் ஓட்டிப் பார்த்தும் அறிய முடியாது. டிஃபால்ட் அம்பு, அதாவது குறுக்கே சின்னக் கோடு போட்ட அம்பு, இல்லாத எக்ஸ்குளூசிவ் கேட்வேயில் எஞ்சின் பிழை எறிந்து நின்றுவிடும். அந்தக் கோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக நீங்களே பார்க்க வேண்டும்.