சந்தேகமே வராத தேதிதான் ஆபத்து

"அண்ணா, போன மாதம்தான் ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அமெரிக்கா, இந்தியா என்று தினமும் மெயில் போகிறது. தேதி, நேரம், தொகை எல்லாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். எப்படி எழுதினால் யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள்? அப்புறம், மெயிலை 'டியர்' என்று தொடங்குவதா, 'ஹாய்' என்றா?"

டியரா ஹாயா என்பதற்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. அவர்கள் உங்களுக்கு எப்படி எழுதுகிறார்களோ அப்படியே நீங்களும் எழுதுங்கள், போதும். பணத்தைக் கரைப்பது தேதியும் எண்ணும்தான்.

25/04 என்று ஒருவர் எழுதினால் கவலையில்லை. இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று கிடையாது, அதனால் படிப்பவரே சரியாகப் பிடித்துக்கொள்வார். 04/05 அப்படி இல்லை. அமெரிக்கருக்கு அது ஏப்ரல் 5. நமக்கும் பிரிட்டன்காரருக்கும் மே 4. இரண்டு பக்கமும் துளி சந்தேகம் வராது, அதுதான் சிக்கலே. ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி வரைக்கும் இந்தப் பள்ளம் இருக்கிறது.

நான் வந்த புதிதில் எங்கள் கொள்முதல் பிரிவுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கொட்டேஷன் வந்தது. 04/05 வரை செல்லும் என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் மே 4 வரை நேரம் இருக்கிறது என்று நிதானமாக ஏப்ரல் கடைசியில் ஆர்டர் அனுப்பினார்கள். அந்த விலை காலாவதியாகி வாரக்கணக்கில் ஆகிவிட்டது, புது விலை இதோ என்று பதில் வந்தது. கூட்டத்தில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஆங்கில மெயில் என்றால் இவன்தான் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். அந்த மெயில் என் கைக்கு வரவே இல்லை. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அது ஆறவில்லை.

அதற்கு மருந்து எளிது. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், வருடத்தை முழுசாக எழுதுங்கள், கூடவே கிழமையையும் போடுங்கள்: Friday, 5 June 2026. இதில் கிழமைதான் சாட்சி. படிப்பவர் இதையே 05/06 என்று எண்ணில் தன் அட்டவணையில் குறித்து வைத்து, பிறகு மே 6 என்று நினைத்துக்கொண்டாலும், அன்றைக்குப் புதன்கிழமை, மெயிலில் வெள்ளி என்று இருக்கிறதே என்று நின்றுவிடுவார். ஆனால் கிழமையைக் காலண்டர் பார்த்து எழுத வேண்டும். தப்பான கிழமை போட்டால் இருக்கிற தெளிவும் போய்விடும். கோப்புப் பெயரிலும் அட்டவணையிலும் 2026-06-05 என்று ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தர முறையில் வைத்துக்கொள்ளுங்கள், வரிசையும் தானாகச் சரியாக அமையும்.

அட்டவணை என்றதும் ஞாபகம் வருகிறது. வேறு நாட்டிலிருந்து வரும் சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்ததும் தேதி நெடுவரிசையை ஒரு தடவை மேலிருந்து கீழே பாருங்கள். சில தேதிகள் வலது ஓரமாகவும் சில இடது ஓரமாகவும் நின்றால் கையை எடுத்துவிடுங்கள். இடது பக்கம் நிற்பவை எக்செலுக்குப் புரியாமல் வெறும் எழுத்தாகவே விட்டுவிட்டவை, 04/25/2026 மாதிரி. வலது பக்கம் நிற்பவைதான் மோசம். 04/05/2026 எல்லாம் நாளும் மாதமும் இடம் மாறி, சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும். ஜெர்மன் எக்செலில் இன்னொரு கூத்து: 1.5 என்று இருக்கும் எண்ணை மே 1 என்று மாற்றிவிடும்.

எண்ணுக்கும் இதே கதைதான். ஜெர்மனியில் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், கமா தசமத்தைக் காட்டும். அமெரிக்காவில் நேர்மாறு. 1.50 என்றால் யாருக்கும் குழப்பமில்லை, புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்தான் இருக்கிறது. 1.250 என்று மூன்று இலக்கம் வந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பதா, ஒன்றேகாலா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நான்கு இலக்க எண்ணைப் புள்ளியும் கமாவும் இல்லாமல் 1250 என்றே எழுதுங்கள். பெரிய எண்ணில் ஆயிரத்துக்கு ஒரு இடைவெளி விடலாம், 1 250 000 என்று. லட்சக் கணக்கில் 12,50,000 என்று கமா போட்டு அனுப்பினால் இங்கே இருப்பவர் ஓர் இலக்கம் விட்டுப்போனதோ என்று முழிப்பார். இருபது வருடம் இங்கே குப்பை கொட்டிவிட்டு இன்னும் அப்படியே அனுப்பும் நம் ஆட்களை எனக்குத் தெரியும். கேட்டால், "அவனுக்குத் தெரியணும்" என்பார்கள். தெரியாவிட்டால் நஷ்டம் யாருக்கு? டாலர் குறியும் அப்படித்தான், அமெரிக்காவும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் சிங்கப்பூரும் அதையே பயன்படுத்துகின்றன. USD, CAD என்று மூன்று எழுத்தில் போட்டுவிடுங்கள்.

நேரத்தில் என் பரம விரோதி சுருக்கெழுத்து. IST என்பது இந்தியாவுக்கும் உண்டு, இஸ்ரேலுக்கும் உண்டு, அயர்லாந்துக்கும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் வருடம் முழுக்க, குளிர்கால நேரமான EST என்றே போடுவார்கள். கோடையில் நியூயார்க் EDTயில் இருக்கிறது, EST என்று நம்பிக் கணக்குப் போட்டவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நிற்பார். ஊர்ப் பெயரைப் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை. மார்ச்சில் இன்னும் கவனம் வேண்டும். 2026இல் கோடை நேரத்துக்கு அமெரிக்கா கடிகாரத்தை மார்ச் 8ஆம் தேதியும், ஐரோப்பா 29ஆம் தேதியும் மாற்றுகின்றன. இடைப்பட்ட மூன்று வாரம் பெர்லினுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் வழக்கமான ஆறு மணி நேரம் கிடையாது, ஐந்துதான். அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் அப்படி வரும்.

சரி, ஒரு மெயிலை எடுத்துக்கொள்வோம். இது மாதிரி ஒன்று உங்களுக்குக் கண்டிப்பாக வரும்:

```
Please quote for 1.250 t by 05/06, 12 pm IST. Price in $.
```

இதை நான் இப்படித் திருத்துவேன்:

```
Please send your quote for 1250 kg (1.25 metric tons)
by Friday, 5 June 2026, 12:00 noon in Mumbai
(08:30 in Berlin, 02:30 in New York).
Please quote in USD.
```

எடையை இரண்டு விதமாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஒன்றைத் தப்பாகப் படித்தாலும் மற்றது இடிக்கும். டன் என்று மட்டும் விட்டால் அமெரிக்கர் 907 கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம், அவர்களுடைய டன் அவ்வளவுதான். கேலன், பாரன்ஹீட் எல்லாவற்றுக்கும் இதே வழி. மதியம் 12 மணிக்கு noon என்று எழுத்தில் போட்டிருக்கிறேன், 12 am, 12 pm எது எது என்பது ஆங்கிலம் பேசுபவர்களுக்கே தகராறு. நள்ளிரவு கெடு என்றால் 23:59 என்று போடுங்கள், எந்த நாளின் நள்ளிரவு என்ற கேள்வி வராது.

உங்களுக்கு வரும் மெயிலில் தேதி குழப்பமாக இருந்தால், "எந்தத் தேதி?" என்று கேட்காதீர்கள். எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார், என்னிடம் சிரித்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். யாரிடமும் விளக்கம் கேட்கவே மாட்டார். தான் புரிந்துகொண்டதை முழுசாக எழுதி, "வெள்ளி, 5 ஜூன் 2026 என்று குறித்துக்கொண்டேன், தவறென்றால் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிடுவார். பெரும்பாலும் பதில் வராது. தப்பாக இருந்தால் மட்டும் பத்து நிமிடத்தில் போன் அடிக்கும்.