தொடக்கத்தில் பொருந்தி முடிவில் விலகும் ஒலி

"ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவு ஒன்றைப் பதிவு செய்தேன். கேமரா அரங்கின் பின்வரிசையில், பேச்சாளரிடமிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி இருந்தது. ஒலியைத் தனியே பதியும் ரெக்கார்டர் பேச்சாளரின் மேசைமேல் இருந்தது. மேடையில் ஒரு முறை கைதட்டி, அதை வைத்துச் சேர்த்தால் தொடக்கம் சரியாக இருக்கிறது. முடிவில் உதடு அசைந்த பிறகுதான் சொல் கேட்கிறது. அலைவடிவத்தைக் கொண்டு மென்பொருளே சேர்க்கும்படி விட்டாலும் நடுப்பகுதியில் பேச்சு ஒரு துளி பின்தங்குகிறது. எதை நம்புவது?"

கைதட்டலை நம்புங்கள். முடிவில் தெரியும் விலகல் கைதட்டலின் பிழையன்று. உங்கள் பதிவில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு விலகல்கள் கலந்திருக்கின்றன: ஒன்று நேரம் செல்லச் செல்ல வளர்வது, மற்றொன்று தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் நிற்பது. இரண்டையும் ஒரே இழுப்பில் சரிசெய்ய முயன்றால் ஓரிடம் பொருந்தும்போது இன்னோரிடம் கெடும். வளர்வதை முதலில் தீர்த்துவிட்டு, நிற்பதைப் பிறகு கவனிக்க வேண்டும்.

வளரும் விலகலுக்குக் காரணம் கடிகாரம். கேமராவும் ரெக்கார்டரும் நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து பதிகின்றன; ஆனால் அந்த நொடியை ஒவ்வொன்றும் தன்னுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டே அளக்கிறது, இரண்டு படிகங்கள் இம்மி பிசகாமல் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. கேமராவின் கணக்கில் ஒரு நொடி கழிவதற்குள் உங்கள் ரெக்கார்டர் 48,001 முறை அளந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் அது ஒன்றுமேயில்லை. 90 நிமிடங்களில் 5,400 நொடிகள், ஆகவே 5,400 அளவுகள் மிகுதி. அதாவது ரெக்கார்டரின் கோப்பு 112.5 மில்லிநொடி நீண்டுவிடும். நொடிக்கு 25 பிரேம் கொண்ட காணொளியில் ஒரு பிரேம் 40 மில்லிநொடி என்பதால், முடிவில் பேச்சு ஏறத்தாழ மூன்று பிரேம் பின்னால் விழும். கருவி எதுவும் பழுதாகவில்லை. கடிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளாத எந்த இரு கருவிகளிலும் இது நேரும்.

இதை அளக்கும்போது படத்தைப் பார்க்க வேண்டாம். கேமராவே பதிவு செய்த ஒலி, கேட்பதற்கு எவ்வளவு மோசமாக இருந்தாலும், படத்தோடு ஒட்டியே ஓடும். ஆகவே அந்த ஒலியை ரெக்கார்டரின் ஒலியோடு ஒப்பிட்டால், பிரேமின் 40 மில்லிநொடிக் கட்டங்களுக்குள் அடைபடாமல் ஒன்றிரண்டு மில்லிநொடி வரை துல்லியமாக அளந்துவிடலாம். இரண்டு தடங்களையும் டைம்லைனில் மேலும் கீழுமாக வைத்து, உங்கள் கைதட்டலின் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும்படி இப்போதைக்குப் பொருத்துங்கள். பிறகு கடைசி நிமிடங்களுக்குச் சென்று, மேசைமேல் டம்ளர் வைக்கப்பட்டது போன்ற கூர்மையான ஓர் ஒலியைத் தேடி, இரு முனைகளுக்கும் இடையிலான தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டரின் முனை 110 மில்லிநொடி அளவில் பின்னால் இருந்தால், மேலே சொன்ன கணக்கே உங்களுடையதும்.

அந்த இறுதி ஒலி மேடையிலிருந்து எழுந்ததாகவே இருக்க வேண்டும். சொற்பொழிவு முடிந்ததும் பார்வையாளர்கள் எழுப்பும் கரவொலி வசதியாகக் கண்ணில் படும். ஆனால் அதைப் பயன்படுத்தினால் ஏமாந்துபோவீர்கள். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 349 மீட்டர் செல்கிறது (நம் 30 டிகிரி வெப்பத்தில்), ஆகவே 15 மீட்டரைக் கடக்க அதற்கு 43 மில்லிநொடி ஆகும். மேடையில் எழும் ஒலி ரெக்கார்டரை அடைந்து 43 மில்லிநொடி கழித்தே கேமராவை அடைகிறது. கேமராவுக்கு அருகில் இருப்பவர் தட்டிய ஓசையோ கேமராவை முதலில் அடைந்து, 43 மில்லிநொடி கழித்து ரெக்கார்டருக்குப் போகிறது. இரண்டையும் கலந்து அளந்தால் 86 மில்லிநொடி பொய்க்கணக்கு சேரும்; அது நாம் பிடிக்கப் பார்க்கும் விலகலுக்கு ஏறத்தாழ நிகரானது. இரு முனைகளிலும் மேடை ஒலியையே எடுத்தால் இந்தத் தூரத் தாமதம் இரண்டு அளவீட்டிலும் ஒன்றேயாகிக் கழிந்துவிடும்.

திருத்துவதற்கு முன் நடுவிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். 45ஆம் நிமிடத்தில் விலகல் பாதியாக, 55 மில்லிநொடியை ஒட்டி இருந்தால் அது கடிகார வேறுபாடுதான். திடீரென ஓரிடத்தில் தாவியிருந்தால், கேமரா ஒரு கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடத்தில் சில பிரேம்களை இழந்திருக்கும். அந்தக் கோப்புகளைத் தனித்தனியே பொருத்துவதைத் தவிர வழியில்லை. இரு ஒலித்தடங்களும் பொருந்தியிருக்க, படம் மட்டும் ஏறியும் இறங்கியும் அலைந்தால் கேமராவாகப் பயன்பட்டது பெரும்பாலும் செல்பேசியாக இருக்கும். அதன் பிரேம் வேகம் நிலையற்றது, அந்தக் காணொளியை முதலில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்ற வேண்டும். விலகல் மணிக்கு 3.6 நொடி என்ற அளவில் இருந்தால் 23.976 பிரேமும் 24 பிரேமும் எங்கோ குழம்பியிருக்கின்றன. அங்கே கடிகாரத்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

நேர்கோட்டில் வளர்ந்திருப்பது உறுதியானால், எடிட்டிங் மென்பொருளின் வேகப் பெட்டியில் இதைத் திருத்த முயல வேண்டாம். நமக்கு வேண்டிய மாற்றம் நூற்றுக்கு 0.002 அளவிலானது, அந்தப் பெட்டி தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டுமே ஏற்பதாக இருந்தால் அதன் மிகச் சிறிய படியே நம் தேவையைப் போல் ஐந்து மடங்கு. ffmpeg நிரலில் ஒரே வரியில் இது முடிந்துவிடும்:

```
ffmpeg -i rec.wav -af "asetrate=48001,aresample=48000" -c:a pcm_s24le rec_fixed.wav
```

48,000 எனப் பதிவான கோப்பை 48,001 என்று கருதி ஓட்டச் சொல்கிறோம். அது அந்த அளவுக்குச் சுருங்குகிறது, பிறகு வழக்கமான 48,000க்கு மீள்கிறது. சுருதி 48,000இல் ஒரு பங்கு உயரும். எந்தச் செவிக்கும் அது எட்டாது. `asetrate` முழு எண்ணை மட்டுமே ஏற்கும், அதில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ மணிக்கு 75 மில்லிநொடி மாறும். ரெக்கார்டரின் ஒலி முடிவில் முந்திக்கொண்டிருந்தால் 47999 என்று கொடுங்கள். கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள், பேச்சுப் பதிவுதான் என்பதால், பேச்சாளர் மூச்சுவிடும் இரண்டு மூன்று இடைவெளிகளில் ஒலித்தடத்தை வெட்டி, அங்கங்கே ஒரு பிரேம் முன்னால் நகர்த்தியும் சமாளிக்கலாம். கச்சேரிப் பதிவில் அதைச் செய்யத் துணியாதீர்கள்.

இனி நிலையான விலகல். பிரீமியர் ப்ரோவின் `Synchronize` கட்டளையில் `Audio` என்பதைத் தேர்ந்தாலும், டாவின்சி ரிசால்வில் `Auto Sync Audio` என்பதை `Waveform` வழியில் இயக்கினாலும், மென்பொருள் செய்வது ஒன்றே: ரெக்கார்டரின் அலையைக் கேமராவின் அலைமீது நகர்த்திப் பார்த்து, இரண்டும் மிகுதியாக ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்துகிறது. அது படத்தைப் பார்ப்பதேயில்லை. கேமரா கேட்ட ஒலியோ 43 மில்லிநொடி பழையது. ஆகவே மென்பொருள் எவ்வளவு கச்சிதமாகப் பொருத்துகிறதோ, அவ்வளவு கச்சிதமாக ஒரு பிரேம் தாமதத்தையும் சேர்த்தே பொருத்துகிறது. வளரும் விலகல் அதனோடு சேர்ந்ததால்தான் உங்களுக்கு நடுப்பகுதியிலேயே உறுத்தியது. அரங்கின் நடுவில் ஒலிபெருக்கி இருந்து, கேமரா அதைக் கேட்டிருந்தால் இந்தத் தாமதம் குறையும். எனவே 43 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்காமல், படத்தைக் கொண்டு சரிபாருங்கள்.

திருத்திய கோப்பை டைம்லைனில் வைத்து, கைதட்டும் காட்சியைப் பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். கைகள் நெருங்கும் பிரேம்களில் விரல்கள் கலங்கித் தெரியும். கலக்கம் நீங்கி உள்ளங்கைகள் ஒட்டி நிற்கும் முதல் பிரேமின் தொடக்கத்தில் ஒலியின் முனையை வையுங்கள். அப்போதும் ஒரு பிரேம் வரை ஐயம் மிஞ்சும், ஏனெனில் கைகள் இரு பிரேம்களுக்கு நடுவேயும் சேர்ந்திருக்கக்கூடும். பிரேமைவிடச் சிறிய நகர்வு வேண்டுமானால் பிரீமியரில் `Show Audio Time Units` என்பதை இயக்கிக்கொள்ளலாம்.

முடிவுப் பகுதியில் கைதட்டல் இல்லாததால் பேச்சாளரின் வாயையே கிளாப் போர்டாகக் கொள்ள வேண்டும். இதற்குத் தமிழ் மிகவும் ஒத்துழைக்கிறது. "அப்படி", "இப்போது" என்ற சொற்களில் பகர ஒற்று இரட்டிக்கும்போது உதடுகள் இறுக மூடி, அலைவடிவம் சிறிது நேரம் தட்டையாகக் கிடந்து, உதடு பிரியும் கணத்தில் சட்டென்று எழும். அந்த எழுச்சியும் உதடு திறக்கும் பிரேமும் ஒன்றாக விழ வேண்டும். "அப்படி" என்று ஒருமுறையும் சொல்லாத தமிழ்ப் பேச்சாளரை நான் இன்னும் பதிவு செய்ததில்லை. 15 மீட்டர் தொலைவில் உதடு சிறிதாகத் தெரிந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஐயம் தீராத இடத்தில் ஒலியைச் சற்றுத் தாமதமாகவே விடுங்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்கிறார். பிந்தும்போது 125 மில்லிநொடி வரை கவனிப்பதில்லை. உங்கள் முடிவுப் பகுதி அந்த எல்லைக்கு மிக அருகில் சென்றதால்தான் உறுத்தியது.

எல்லாம் பொருந்திய பின் கேமராவின் ஒலித்தடத்தை முழுவதும் அணைத்துவிடுங்கள். அதை மெலிதாகக் கலந்து வைத்தால், சில மில்லிநொடி இடைவெளியிலேயே குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். அடுத்த முறை பேச்சாளர் இறங்கியதும் ரெக்கார்டரையும் கேமராவையும் நிறுத்துவதற்கு முன், அதே மேடையில், கைகள் படத்தில் தெரியும்படி இன்னொரு முறை தட்டிவிடுங்கள். "அப்படி"யைத் தேடி அலைய வேண்டியிராது.