கூரை இறங்கும் அறை

கேள்வி: அனிமேஷன் இறுதியாண்டு படிக்கிறேன். பதின்வயதினரின் தேர்வு பயம் பற்றி, வசனம் இல்லாமல் இரண்டு நிமிடக் குறும்படம் எடுக்கிறேன். துரத்தும் கடிகாரம், புத்தக மலை, ஒரு பூதம், கடைசியில் கடலில் மூழ்குவது என்று ஸ்டோரிபோர்டு போட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாம், “நல்லா இருக்கு, ஆனா என்ன சொல்ல வர்றே?” என்கிறார்கள். இதில் எதை வைத்துக்கொள்வது?

பதில்: நான்கையும் விட்டுவிடுங்கள். தேர்வு பயம் நாளுக்கு நாள், மணிக்கு மணி கூடிக் குறையும். அப்படிக் கூடிக் குறைவதைக் காட்டக்கூடிய உருவகம்தான் உங்களுக்கு வேண்டும். பூதம் வந்துவிட்டால் கதை அதைக் கொல்வதில்தான் முடியும். புத்தக மலை பாடத்தின் அளவைச் சொல்லும், பயத்தைச் சொல்லாது. கடலை நான் வேறு காரணத்துக்காகவும் வேண்டாம் என்கிறேன். மனம் உடைந்த நிலையில் இருக்கும் ஒரு பிள்ளை உங்கள் படத்தைப் பார்க்கக்கூடும். மூழ்குவதை அழகாக வரைந்து அந்தப் பிள்ளை முன் வைக்கக்கூடாது.

பையனின் அறைக் கூரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதாக வைத்துப் பாருங்கள். கூரையைத் தனி லேயராக வைத்தால் அதை நகர்த்துவது சுலபம். உழைப்பையெல்லாம் அவன் முதுகெலும்புக்குக் கொடுக்கலாம். முதல் காட்சியில் அவன் கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்கிறான், விரல் கூரையைத் தொடவில்லை. அடுத்து தலைமுடி உரசுகிறது. பிறகு கழுத்து சாய்கிறது, தோள் குறுகுகிறது. கூரையிலிருந்து தொங்கும் விளக்கு அவன் கண்ணுக்கு நேரே வந்து நிற்க, அதைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டே படிக்கிறான். படத்தில் பார்ப்பவர் மனதில் நிற்கப்போவது இந்த ஷாட்தான். இதை அவசரமாக வெட்டாதீர்கள்.

கூரைக்கு ஒரு விதி வேண்டும்: காரணம் இல்லாமல் அது இறங்கக்கூடாது. நண்பன் எத்தனை பாடம் முடித்தான் என்று போனில் செய்தி வருகிறது, இறங்குகிறது. அம்மா கதவருகே நின்றபடி நாள்காட்டியைப் பார்க்கிறார், இறங்குகிறது. தூக்கத்தை விட்டு விடிய விடிய விழித்திருக்கிறான், இறங்குகிறது. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், காரணம் தெரிந்தபின் ஒரு 12 ஃபிரேம் எதுவும் அசையாமல் இருக்கட்டும். அந்த அரை நொடியில் அவன் முகம் மட்டும் மாறும். அதன்பின் கூரை ஒரே இறக்கமாக இறங்கி நிற்கட்டும். விடாமல் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் பேய்ப்படம் ஆகிவிடும்.

எதனால் ஏறுகிறது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் வந்ததும் கூரை பறந்துபோகிறது என்று முடித்தால், மதிப்பெண் வராத பிள்ளைக்கு அந்தப் படம் என்ன சொல்கிறது? ரிசல்ட்டையே காட்டாதீர்கள். இரண்டாம் முறை அம்மா வரும்போது, அவரும் குனிந்து உள்ளே வந்து தரையில் அவன் பக்கத்தில் உட்காரட்டும். கூரை அப்போதே ஏற வேண்டாம், இறங்குவது நின்றாலே போதும். அவன் ஏதோ சொல்கிறான், அவர் கேட்கிறார், அவன் தூங்கிப்போகிறான். காலையில் கூரை ஒரு சாண் ஏறியிருக்கிறது. படித்தது நினைவில் நன்றாகப் பதியத் தூக்கம் உதவுகிறது என்பதால், இந்தக் காட்சி ஆறுதலோடு உண்மையையும் சொல்கிறது.

தேர்வு அறையிலும் கூரை இருக்கட்டும், தலைக்குச் சற்று மேலே. ஓரளவு பதற்றம் கவனத்தைக் கூர்மையாக்கும், மிஞ்சினால்தான் முடக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து எழுத இடம் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். அங்கே படத்தை முடித்துவிடுங்கள்.

முழு அனிமேஷனில் இறங்குமுன், ஸ்டோரிபோர்டு படங்களை நேரக் கணக்கோடு ஓடவிடும் அனிமேட்டிக்கை ஒலி இல்லாமல், தலைப்பும் சொல்லாமல் நான்கைந்து பதின்வயதினரிடம் போட்டுக் காட்டுங்கள். இரண்டு நிமிடத்துக்கு, ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினாலும் 1,440 படங்கள் வரையவேண்டும். அதன்பிறகு திருத்துவது கொடுமை. “இவனுக்கு என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். “வீடு இடியுது” என்று பதில் வந்தால் காரணக் காட்சிகள் தெளிவாக இல்லை. “பரீட்சை வந்துடுச்சு” என்று மட்டும் வந்தால் கூரை வெறும் அலங்காரமாக நிற்கிறது. “எனக்கும் இப்படித்தான் இருக்கும்” என்று யாராவது சொன்னால், எந்த ஷாட்டில் அப்படித் தோன்றியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கு இன்னும் இரண்டு நொடி கொடுங்கள்.

கடைசி அட்டையில், படம் திரையிடப்படும் ஊரில் இப்போது இயங்கும் மனநல உதவி எண்ணைப் போடுங்கள். போடுமுன் நீங்களே ஒருமுறை அழைத்து, எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.