இரு பிரிப்புகள் ஏன் வருகின்றன?

“U என்பது x+y+z=0, W என்பது x=y. (1,2,6) என்பதை (-2,-1,3)+(3,3,3) என்றும் (-3,-2,5)+(4,4,1) என்றும் பிரிக்க முடிகிறது. எது சரி?”

இரண்டும் சரியே. U+W முழு வெளியையும் நிரப்பினாலும், (1,1,-2) இரண்டிலும் இருப்பதால் அது நேர்க்கூட்டல் அன்று; அதாவது, ஒவ்வொரு திசையனும் ஒரே விதமாகப் பிரிவதில்லை. உங்கள் விடைகளின் வேறுபாடும் அதே திசையன்தான்.

பொதுவாக, u+w=u'+w' எனில் u-u'=w'-w ஆகும்; இதன் இடப்புறம் U-வில், வலப்புறம் W-வில் இருப்பதால், இருபுறமும் U, W இரண்டின் வெட்டில் அமைகின்றன; வெட்டில் சுழியன் மட்டுமே இருந்தால் u=u', w=w' என்றாகிவிடும்.

W-வை (1,1,1) வழியான கோடாக மாற்றுங்கள். (1,2,6)-இலிருந்து (1,1,1)-இன் t மடங்கைக் கழித்த எச்சம் U-வில் இருக்க 9-3t=0 வேண்டும்; எனவே t=3, உங்கள் முதல் விடை மட்டுமே எஞ்சும். ஆனால் U-வுடன் நேர்க்கூட்டலாகி முழு வெளியையும் தரும் நிரப்பு உள்வெளி ஒன்றே ஒன்றன்று: (0,0,1) வழியான கோட்டைத் தேர்ந்தால், அதே திசையன் (1,2,-3)+(0,0,9) எனப் பிரியும்.